எட்டு ஆகாத அமிலம்

ஒரு லிட்டரில் 10⁻⁸ மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அந்தக் கரைசலின் pH என்ன?

மேல்நிலை வகுப்பில் வேதியியல் படித்தவர்கள் பலரும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்பார்கள். நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் இன்றைக்கும் சந்திக்கிறார்கள். மனப்பாடமான வாய்ப்பாடு கையில் இருக்கிறது. ஹைட்ரஜன் அயனியின் செறிவைப் பத்தின் அடுக்காக எழுதி, அந்த அடுக்கின் எதிர்க்குறியை நீக்கினால் pH வந்துவிடும். 10⁻² என்றால் 2. 10⁻⁵ என்றால் 5. அப்படியானால் 10⁻⁸ என்றால் 8.

ஆனால் 8 என்பது காரத்தின் எண். தூய நீரின் pH 7. அதில் அமிலத்தைக் கலந்தால் எண் 7-க்குக் கீழே இறங்க வேண்டும், மேலே ஏறக் கூடாது. அமிலத்தை எவ்வளவுதான் நீர்க்கச் செய்தாலும் அது காரமாகிவிடாது. இத்தனைக்கும் வாய்ப்பாட்டில் தவறு எதுவும் இல்லை. கணக்கில் சேர்க்க வேண்டிய ஒரு பொருளை விட்டுவிட்டோம். அந்தப் பொருள் தண்ணீர்.

இந்த அளவு எவ்வளவு சிறியது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் ஒரு டேங்கர் லாரி முழுக்கத் தூய நீரை நிரப்பி, அதை 10⁻⁸ செறிவுக்குக் கொண்டுவர எவ்வளவு அமிலம் வேண்டும்? வெறும் 3.65 மில்லிகிராம். ஆய்வகத்தில் பாட்டிலில் வரும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டில் ஆறில் ஒரு பங்குகூட ஏறத்தாழப் போதும். இவ்வளவு சிறிய அளவை அமிலத்தின் பக்கம் வைத்துக்கொண்டு, மறுபக்கம் தண்ணீர் தானாக என்ன தருகிறது என்று கேட்பதுதான் இந்தக் கணக்கின் உயிர்.

தண்ணீர் சும்மா இருப்பதில்லை. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதும்போது, எப்போதோ ஒரு முறை ஒன்று தன் ஹைட்ரஜன் கருவை மற்றொன்றிடம் விட்டுவிடுகிறது. கொடுத்தது ஹைட்ராக்சைடு அயனியாகிறது. வாங்கியதை நாம் சுருக்கமாக ஹைட்ரஜன் அயனி என்கிறோம். சற்று நேரத்தில் இப்படிப்பட்ட இரண்டு அயனிகள் எங்கோ சந்தித்து மீண்டும் நீராகிவிடும். பிரிவதும் சேர்வதும் ஓயாமல் நடந்து ஒரு சமநிலையில் நிற்கின்றன. 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 55 கோடி நீர் மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் அயனி இருக்கும். அதாவது ஒரு லிட்டரில் 10⁻⁷ மோல் ஹைட்ரஜன் அயனியும் அதே அளவு ஹைட்ராக்சைடும். இதற்குத் தன்அயனியாதல் என்று பெயர்.

ஜெர்மன் இயற்பியலர் ஃப்ரீட்ரிஷ் கோல்ராவ்ஷும் அடோல்ஃப் ஹைட்வைலரும் 1894-இல் இதைச் சோதித்து நிறுவினார்கள். தண்ணீரைக் காற்றில்லாத வெற்றிடத்திலேயே வாலை வடித்துத் தூய்மைப்படுத்தினார்கள். உப்பும் காற்றும் போகப் போக அதன் மின்கடத்துத்திறன் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் சுழிக்குப் போகவில்லை. ஒரு சிறு எண்ணில் வந்து நின்றுவிட்டது. அழுக்கு எதுவும் இல்லாதபோதும் மின்சாரத்தைச் சுமக்க அங்கே யாரோ இருக்கிறார்கள் என்றால், அது நீரின் சொந்த அயனிகளாகத்தான் இருக்க முடியும். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1909-இல், கோபன்ஹேகனில் இருந்த கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சென் pH என்ற அளவுகோலை வகுத்தார். அந்த அளவுகோலின் 7 என்ற எண் இந்த 10⁻⁷-இலிருந்து வந்ததுதான்.

இப்போது இரண்டு அளவுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நாம் கலந்த அமிலம் தருவது 10⁻⁸. தண்ணீர் தானே வைத்திருப்பது 10⁻⁷. தண்ணீரின் கையில் இருப்பது பத்து மடங்கு அதிகம். 10⁻² செறிவுள்ள அமிலத்தில் தண்ணீரின் பங்கை யாரும் கேட்க வேண்டியதில்லை. அங்கே அது மிக மிகச் சிறியது. 10⁻⁸-இல் நிலைமை தலைகீழ். 8 என்று விடை எழுதியவர் சிறியதை எண்ணிக்கொண்டு பெரியதை விட்டுவிட்டார்.

சரி, இரண்டையும் கூட்டிவிட்டால் போதாதா? பெரும்பாலான மாணவர்கள் அடுத்து செய்வது இதைத்தான். எண்களை எளிதாக்க, 10⁻⁷ மோலை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரிலிருந்து 1 பங்கு, அமிலத்திலிருந்து 0.1 பங்கு, ஆக 1.1 பங்கு. pH 6.96. இது 7-க்குக் கீழே இருப்பதால் மனத்துக்கு நிம்மதியாக இருக்கும். எனக்கென்னவோ 8-ஐவிட இந்த விடைதான் அதிக ஆபத்தானது என்று தோன்றுகிறது. 8-ஐப் பார்த்ததும் ஏதோ தவறு என்று யாருக்கும் தெரிந்துவிடும். 6.96-ஐப் பார்த்தால் சந்தேகமே வராது.

அதில் உள்ள பிழை இது. நீரின் சமநிலைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஹைட்ரஜன் அயனியின் செறிவையும் ஹைட்ராக்சைடின் செறிவையும் பெருக்கினால், 25 டிகிரியில் எப்போதும் ஒரே எண்தான் வரும். நம் பங்குக் கணக்கில் அந்தப் பெருக்கற்பலன் 1. வெளியிலிருந்து ஹைட்ரஜன் அயனி வந்து சேர்ந்தால், ஹைட்ராக்சைடுகள் அவற்றைச் சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது. கூடுதலாகச் சேர்ந்து நீராகின்றன. அதனால் நீரின் பிரிதல் முன்பு இருந்த அளவில் நிற்காது, பின்வாங்கும். அமிலம் வந்த பிறகும் தண்ணீர் அதே 1 பங்கைத் தரும் என்று நினைத்துக் கூட்டுவதுதான் பிழை.

சரியான கணக்குக்கு இரண்டே உண்மைகள் போதும். ஒன்று, மேலே சொன்ன பெருக்கற்பலன். மற்றொன்று, கரைசலில் மொத்த நேர்மின்னூட்டமும் மொத்த எதிர்மின்னூட்டமும் சமமாக இருக்க வேண்டும் என்பது. நேர்மின்னூட்டம் உள்ளது ஹைட்ரஜன் அயனி மட்டும். எதிர்மின்னூட்டம் உள்ளவை ஹைட்ராக்சைடும் குளோரைடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வலிமையான அமிலம் என்பதால் முழுவதும் பிரிந்துவிடும். ஆகவே நாம் சேர்த்த அமிலம் எவ்வளவோ அவ்வளவு குளோரைடு. ஹைட்ரஜன் அயனியை h என்றும், சேர்த்த அமிலத்தை c என்றும் வைத்தால்,

h − 1/h = c

ஒன்றுக்கொன்று பெருக்கினால் 1 வரவேண்டும், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் c வரவேண்டும். அப்படி இரண்டு எண்களைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் h = (c + √(c² + 4)) / 2.

நம் கேள்வியில் c = 0.1. விடை h = 1.051, ஹைட்ராக்சைடு 0.951. சரிதானா என்று நீங்களே பெருக்கிப் பார்க்கலாம், 1 வரும். கழித்தால் 0.1 வரும். pH 6.98. தூய நீரைவிட மயிரிழை அளவுக்கு அமிலத்தன்மை. டேங்கர் லாரியில் அரைச் சொட்டைவிடக் குறைவாகக் கலந்ததற்கு இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது, நாம் சேர்த்தது 0.1 பங்கு, கூடியது 0.051 பங்கு. பாதிதான் கூடியிருக்கிறது. மீதிப் பாதிக்கு நீர் தன் பிரிதலைக் குறைத்துக்கொண்டு ஈடுகட்டிவிட்டது. ஹைட்ராக்சைடு 1-இலிருந்து 0.951-க்கு இறங்கியதன் பொருள் அதுதான்.

அமிலமும் நீரும் சரிக்குச் சரி நிற்கும் இடம் c = 1, அதாவது 10⁻⁷ மோல் அமிலம். அங்கே h − 1/h = 1. இதன் விடை 1.618. கணிதத்தில் ஆர்வம் உள்ளவர்கள் இந்த எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள். தங்க விகிதம் என்று பெயர் பெற்ற அதே எண். 1.618-ஐ 0.618-ஆல் பெருக்கினால் 1, கழித்தாலும் 1. இங்கே pH 6.79. வெறுமனே கூட்டியிருந்தால் 2 பங்கு என்று எடுத்து 6.70 என்று எழுதியிருப்போம். வாய்ப்பாட்டை மட்டும் நம்பியிருந்தால் 7 என்று எழுதி, அமிலம் கலந்த நீரை நடுநிலை என்று சொல்லியிருப்போம்.

இன்னும் பத்து மடங்கு மேலே போய் 10⁻⁶ மோலைப் பார்த்தால், h 10.099. pH 5.996. வாய்ப்பாடு சொல்லும் 6-க்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தச் சாதாரணக் கருவியும் காட்டாது. ஆகவே 10⁻⁶-க்கு மேலே நீரை மறந்துவிடலாம். அதற்குக் கீழே மறக்கவே கூடாது.

தாளில் கணக்கு முடிந்தது. மேசைமேல் ஒரு குவளையில் இதைச் செய்து பார்க்க முடியுமா என்றால், முடியாது என்பதே நேர்மையான பதில். காரணம் காற்று. திறந்து வைத்த தூய நீரில் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. அது வலுக்குறைந்த அமிலம்தான். ஆனாலும் இன்றைய காற்றோடு சமநிலைக்கு வந்த நீரின் pH ஏறத்தாழ 5.6. அதாவது நம் பங்குக் கணக்கில் 25 பங்கு ஹைட்ரஜன் அயனி. நாம் கலந்த 0.1 பங்கு அதற்குள் இருக்கும் இடமே தெரியாது. கருவியும் ஒத்துழைக்காது. pH மீட்டரின் கண்ணாடி மின்வாய்க்குக் கரைசலில் ஓரளவு அயனிகள் வேண்டும். கிட்டத்தட்ட அயனியே இல்லாத நீரில் எண் நிலைக்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். மின்வாயிலிருந்து கசியும் பொட்டாசியம் குளோரைடே நீரின் தன்மையை மாற்றத் தொடங்கிவிடும்.

அப்படியானால் இது தேர்வுத்தாளுக்காக மட்டும் உண்டான கணக்கா? இல்லை. இந்த அளவு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் காற்றுப் படாத குழாய்களில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு. அனல் மின்நிலையங்களும் அணுமின் நிலையங்களும்தான் அவை.

நீராவி டர்பைனைச் சுழற்றிவிட்டு வெளிவரும் ஆவியைக் குளிர்வித்து மறுபடி நீராக்கும் பகுதிக்கு கண்டென்சர் என்று பெயர். கடலோர நிலையங்களில் அதைக் குளிர்விப்பது கடல்நீர். கல்பாக்கத்தில் அந்த வேலையை வங்கக் கடலின் நீர் செய்கிறது. ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களுக்குள் கடல்நீர் ஓடும், வெளியே ஆவி குளிரும். ஒரு குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் கடல் உப்பு கொதிகலன் நீருக்குள் வந்துவிடும். குளோரைடு உயர் வெப்பத்தில் எஃகை அரிக்கும். டர்பைன் இலைகளில் படிந்தால் அழுத்தம் தாங்கும் இடத்தில் விரிசல் விழவும் காரணமாகும். ஆகவே லிட்டருக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராம் குளோரைடு வந்தாலும் வேதியியலர் அறிய வேண்டும்.

நேரடியாக மின்கடத்துத்திறனை அளந்தால் அது தெரியாது. எஃகு அரிக்காமலிருக்க அந்த நீரில் ஏற்கெனவே அம்மோனியா கலந்து காரமாக வைத்திருப்பார்கள். அம்மோனியாவின் அயனிகள் தரும் பெரிய எண்ணுக்குள் குளோரைடின் சிறிய எண் மறைந்துவிடும். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மாதிரி நீரை, ஹைட்ரஜன் அயனிகளைத் தாங்கிய ரெசின் மணிகள் நிரப்பிய ஒரு குழாய் வழியாக ஓடவிடுகிறார்கள். மணிகள் அம்மோனியத்தையும் சோடியத்தையும் பிடித்துக்கொண்டு, அவற்றுக்குப் பதிலாக ஹைட்ரஜன் அயனியை விடுகின்றன. அம்மோனியாவால் உண்டான ஹைட்ராக்சைடு அந்த ஹைட்ரஜனோடு சேர்ந்து வெறும் நீராகிவிடும். சோடியம் குளோரைடு ஹைட்ரோகுளோரிக் அமிலமாக வெளிவரும். குழாயின் மறுமுனையில் வருவது நம் தேர்வுக் கேள்வியில் வந்த அதே கரைசல். அதன் மின்கடத்துத்திறனை அங்கே அளக்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டை முழுக்கப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் குளோரைடு வந்துவிட்டது என்று வையுங்கள். அது 0.564 பங்கு. நம் சமன்பாட்டில் இட்டால் ஹைட்ரஜன் அயனி 1.321, ஹைட்ராக்சைடு 0.757. மின்சாரத்தைச் சுமப்பதில் மூன்று அயனிகளுக்கும் வெவ்வேறு திறமை. ஹைட்ரஜன் அயனியின் திறன் 350 என்றால் ஹைட்ராக்சைடுக்கு ஏறத்தாழ 199, குளோரைடுக்கு 76. மூன்றின் அளவையும் அதனதன் திறனால் பெருக்கிக் கூட்டினால், சென்டிமீட்டருக்கு 0.0655 மைக்ரோசீமென்ஸ் வருகிறது. எந்த உப்பும் இல்லாத தூய நீரே 0.0548 காட்டும். எனவே 2 மைக்ரோகிராம் குளோரைடு காட்டியிருக்கும் உயர்வு 0.0107.

இந்த உயர்வைப் பார்க்கும் ஒருவர், கருவி காட்டும் எண்ணிலிருந்து தூய நீரின் எண்ணைக் கழித்துவிட்டு, மீதி முழுவதும் அமிலத்தால் வந்தது என்று கணக்கிட்டால் என்ன ஆகும்? அவருக்குக் கிடைக்கும் விடை 0.9 மைக்ரோகிராம். உண்மையில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. பள்ளிப் பிள்ளை 1-ஐயும் 0.1-ஐயும் கூட்டியபோது செய்த அதே பிழைதான் இது. அமிலம் வந்த பிறகும் நீர் தன் பழைய பங்கை அப்படியே தந்துகொண்டிருக்கிறது என்று இரண்டு பேரும் நம்பிவிட்டார்கள். தேர்வில் அந்தப் பிழையால் pH 0.02 அளவுக்கே மாறியது. இங்கே உள்ளே வந்த கடல் உப்பில் பாதிக்கு மேல் கணக்கிலிருந்து காணாமல் போகிறது. ஓட்டை விழத் தொடங்கும் முதல் நாள்களில், எண் மிகச் சிறியதாக இருக்கும்போதுதான் இந்தப் பிழை மிகப் பெரியது. குளோரைடு கூடக் கூட நீரின் பங்கு சுருங்கி, பிழையும் சுருங்கிவிடும்.

நிலையங்களில் பொதுவாக எச்சரிக்கைக் கோடாக வைக்கும் அளவு 0.2 மைக்ரோசீமென்ஸ். முழுவதும் குளோரைடால் வந்தது என்றால், அது லிட்டருக்கு ஏறத்தாழ 16 மைக்ரோகிராம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு இருப்பதால், ஆயிரம் லிட்டர் நீரில் ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவான கடல்நீர் கலந்தாலே அந்தக் கோட்டைத் தொட்டுவிடும்.

எண் ஏறினால் உடனே குழாயில் ஓட்டை என்று முடிவுகட்டவும் கூடாது. எங்கோ காற்று உள்ளே கசிந்து கார்பன் டைஆக்சைடு கலந்தாலும் இதே எண் ஏறும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. ரெசின் குழாயைத் தாண்டி வந்த மாதிரியைக் கொதிக்கவிட்டால் கார்பன் டைஆக்சைடு வாயுவாக வெளியேறிவிடும். இவ்வளவு நீர்த்த நிலையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளியேறாது. கொதிக்கவிட்டபின் எண் இறங்கினால் காற்றுக் கசிவைத் தேட வேண்டும். இறங்காமல் நின்றால் கண்டென்சரைத் தேட வேண்டும்.

கொதிக்கவிட்டதை மறுபடி குளிர்வித்துத்தான் அளக்க முடியும், ஏனென்றால் நீரின் பிரிதல் வெப்பத்துக்கு மிகவும் கூர்மையாக அசையும். 25 டிகிரியில் 0.055 காட்டும் தூய நீர், 50 டிகிரியில் ஏறத்தாழ 0.17 காட்டும். அந்த நீரின் pH 6.63, ஆனாலும் அது நடுநிலைதான். ஹைட்ரஜனும் ஹைட்ராக்சைடும் சமமாக இருப்பதே நடுநிலை. 7 என்ற எண் 25 டிகிரிக்கு மட்டும் உரியது. சென்னையின் கோடையில் 35 டிகிரியில் இருக்கும் தூய நீரின் நடுநிலை 6.84.

வெப்பத்தைச் சரிசெய்யும் கணக்கிலும் இதே சிக்கல் வந்து நிற்கிறது. தூய நீரின் கடத்துத்திறன் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு கூடும். அதில் பெரும்பகுதி பிரிதல் கூடுவதால் வருவது. ஓரளவு செறிவான அமிலத்தில் அந்த உயர்வு ஒன்றரை விழுக்காடு மட்டுமே. அங்கே நீரின் பிரிதல் ஒடுங்கிவிட்டதால் அயனிகளின் வேகம் மட்டும்தான் கூடுகிறது. நம் 2 மைக்ரோகிராம் கரைசல் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. எங்கே என்பது அதில் எவ்வளவு குளோரைடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. குளோரைடு எவ்வளவு என்றுதான் நாம் தேடுகிறோம். ஆகவே ஒரே ஒரு விழுக்காட்டை வைத்துத் திருத்தும் கருவி இங்கே உதவாது. இந்த வேலைக்கென்று செய்யப்பட்ட கருவிகள் அந்தந்த வெப்பத்துக்குரிய நீரின் பெருக்கற்பலனை எடுத்து, அதே இருபடிச் சமன்பாட்டை ஒவ்வொரு அளவீட்டின்போதும் தீர்த்து, 25 டிகிரிக்குரிய எண்ணாக மாற்றிக் காட்டுகின்றன. அத்தகைய கருவி இல்லாத இடத்தில் மாதிரி நீரைக் குளிர்வித்து 25 டிகிரியிலேயே நிறுத்தி வைப்பதுதான் பாதுகாப்பு.